நாலாம் பீரியடில் போன குரல்

வாரத்தில் வியாழக்கிழமைதான் எனக்குக் குரல் போகும். திங்களும் செவ்வாயும் நன்றாக இருப்பேன். புதன் மாலை வீட்டுக்கு வரும்போது தொண்டை லேசாகக் கரகரக்கும். வியாழன் நாலாம் பீரியடில் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது சொல்லின் பாதி வெறும் காற்றாக வெளியே போகும். வெள்ளிக்கிழமையைச் சைகையிலும் போர்டில் எழுதிப்போட்டும் ஓட்டிவிடுவேன். சனி, ஞாயிறு பேசாமல் இருந்தால் திங்கள் காலை குரல் திரும்பியிருக்கும்.

இரண்டு வருடம் இப்படியே போனது. திண்டுக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது தொண்டை கட்டியிருப்பது மழைக்காலத்தில் சளி பிடிப்பது போல சாதாரணம். ஒருவர் மிளகுப் பால் சொல்வார், ஒருவர் பையிலிருந்து பனங்கற்கண்டை எடுத்து நீட்டுவார், இன்னொருவர் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார். எல்லாவற்றையும் செய்தேன். வாய்க்கும் தொண்டைக்கும் இதமாகத்தான் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை வந்தால் குரல் போவது நிற்கவில்லை.

மூன்றாவது வருடம் தீபாவளி முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு மாற்றம் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்காமல் இருந்தும் திங்கள் காலை குரல் சரியாகவில்லை. அதற்கடுத்த திங்களும் அப்படியே. மகளைத் தூங்கவைக்க ஆராரோ பாடினால் மேலே போகும் இடத்தில் சத்தமே வரவில்லை. சத்தமாகப் பேசினால் வருகிறது, மெதுவாகப் பாடினால் வரவில்லை. இது எனக்குப் புரியவில்லை. பயமாகவும் இருந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே செய்த பரிசோதனை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாக்கைத் துணியால் பிடித்து லேசாக வெளியே இழுத்துவைத்து, வாய் வழியாக ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, "ஈ"ன்னு சொல்லுங்க என்றார் மருத்துவர். குமட்டல் வந்தது, வலியில்லை. அப்புறம் திரையில் எனக்கே காட்டினார். வெள்ளையாக, ஆங்கில V எழுத்தைப் போல இரண்டு பட்டைகள். அவைதான் குரல்நாண்கள். இரண்டிலும் எதிரெதிராக, முன்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஒரு சின்னப் புடைப்பு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்த்துப்போகிற மாதிரிதான் இதுவும் என்றார். நாண்களில் அதிரும் பகுதியின் நடு அந்த இடம், ஒன்றோடொன்று பலமாக மோதுவதும் அங்கேதான். மோதி மோதி முதலில் வீங்குகிறது, விடாமல் மோதினால் தடிக்கிறது. தடிப்பு நடுவில் இருப்பதால் நாண்கள் முழுசாக மூடுவதில்லை, இடுக்கு வழியாகக் காற்று கசிகிறது. என் சொல் பாதியில் காற்றாகப் போனது அதனால்தான்.

மெதுவாகப் பாடும்போது மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். மெல்லிய, உயர்ந்த குரலுக்கு நாண்களின் ஓரம் மட்டும் நுட்பமாக அதிர வேண்டும். வீக்கம் இருந்தால் அந்த ஓரம் அசையாது. சத்தமாகப் பேசும்போது காற்றை முட்டித் தள்ளுவதால் வீங்கிய நாணும் வேறு வழியின்றி அதிர்ந்துவிடுகிறது. ஓங்கிப் பேசினால் குரல் வருகிறதே, நமக்கு ஒன்றுமில்லை என்று ஆசிரியர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

அறுவை சிகிச்சை வேண்டாம், தடிப்பு இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது, குரல் பயிற்சியிலேயே குறையும் என்று சொல்லிப் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பினார். தொண்டையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் போனேன். அந்தப் பெண் முதலில் கேட்டது என் டைம்டேபிளை.

"எந்தெந்த பீரியட் உங்களுக்கு கிளாஸ் இருக்கு? அந்த வகுப்புக்குப் பக்கத்தில் என்ன இருக்கு? ஃபேன் சத்தம் போடுமா?"

எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எட்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். எனக்கு ஆறு. முதல் நாலும் தொடர்ச்சியாக வகுப்பு, நடுவில் பத்து நிமிட இடைவேளை. அந்த இடைவேளையிலும் வராந்தா டியூட்டி. வியாழக்கிழமை காலை பிரேயரில் உறுதிமொழி வாசித்து வரிசையை ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. இதையெல்லாம் என் கையாலேயே எழுதிய பிறகுதான் வியாழக்கிழமைக் கணக்கு எனக்குப் புரிந்தது.

அவர் சொன்ன ஒரு கணக்கு இன்னும் மனதில் இருக்கிறது. பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை மோதும். ஆண்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஒரு பீரியடில், இடையில் மூச்சு வாங்குவது, எழுதுவது எல்லாம் போக, உண்மையில் குரல் எழுவது 10 நிமிடம்தான் என்று வைத்தாலும் 1,20,000 மோதல். குரலை உயர்த்தினால் சுருதியும் கூடவே ஏறும், மோதலின் வேகமும் பலமும் கூடும். பெண் ஆசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஞாயிறு முழுக்க மௌனமாக இருப்பதை ஒரு தவம் போலச் செய்துவந்தேன் என்றேன். அது தப்பில்லை, ஆனால் காலம் கடந்து செய்கிறீர்கள் என்றார். ஒரு பீரியடில் ஏற்பட்ட லேசான வீக்கம் சீக்கிரமே வடியத் தொடங்கும், விட்டால் போதும். வடிவதற்குள் அடுத்த பீரியட், அதன் மேல் அடுத்தது என்று அடுக்கினால், நாலாம் பீரியட் பேசுவது வீங்கிய நாண்களோடு. வீங்கிய நாண்களை அதிரவைக்க இன்னும் முட்டித் தள்ள வேண்டும், அதனால் இன்னும் வீங்கும். ஐந்து நாள் இப்படி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓய்வு கொடுப்பதைவிட, அன்றன்றைக்கு நடுநடுவே கொடுக்கும் ஐந்து, பத்து நிமிடம் மேலானது. நாள்கணக்கில் முழு மௌனம் என்பது நாணில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கும் அறுவை முடிந்தவர்களுக்கும் மருத்துவர் சொல்வது. எனக்கு அது தேவைப்படவில்லை.

ஓய்வு என்றால் என்ன என்பதிலும் நான் தப்பாக இருந்தேன். குரல் சரியில்லாத நாட்களில் கிசுகிசுத்துப் பேசுவேன். நிறையப் பேருக்குக் கிசுகிசுக்கும்போது குரல்வளைத் தசைகள் இறுகிவிடுகின்றன, அதில் ஓய்வு கிடைப்பதில்லை. அதைவிட, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி இயல்பான குரலில் மெதுவாகப் பேசுவது நல்லது. இன்னொன்று தொண்டையைச் செருமுவது. செருமல் நாண்களை ஓங்கி அறைவதற்குச் சமம். ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கினால் அந்த உறுத்தல் போய்விடும். இந்தப் பழக்கத்தை விட எனக்கு மூன்று வாரம் ஆனது.

அப்புறம் டைம்டேபிள். தலைமை ஆசிரியரிடம் பரிசோதனைச் சீட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்கவே தயக்கமாக இருந்தது, வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைப்பாரோ என்று. வகுப்பு ஒன்றைக்கூட நான் குறைக்கச் சொல்லவில்லை. மூன்றாம் பீரியடைத் தமிழ் ஆசிரியையோடு மாற்றிக்கொண்டு ஏழாம் பீரியட் எடுத்துக்கொண்டேன். காலையில் இரண்டு வகுப்பு, இடையில் ஒன்று காலி, பிறகு ஒன்று என்று ஆனது. வராந்தா டியூட்டியை மதியத்துக்கு மாற்றினேன். பிரேயர் உறுதிமொழியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து மைக்கில் வாசிக்கிறார்கள். காலியான அந்த மூன்றாம் பீரியடில் நோட்டு திருத்துகிறேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தால் பேச்சு வந்துவிடும் என்பதால் நூலக அறைக்குப் போய்விடுவேன்.

வகுப்புக்குள்ளேயும் 40 நிமிடத்தை உடைத்தேன். முன்பு மணி அடித்ததிலிருந்து மறுமணி வரை பேசுவேன். இப்போது 10, 12 நிமிடம் நடத்திவிட்டுப் போர்டில் இரண்டு கணக்கு போடுவேன். பிள்ளைகள் செய்துகொண்டிருக்கும் ஆறேழு நிமிடம் நான் வாயைத் திறப்பதில்லை. நடந்துபோய் நோட்டைப் பார்த்து, தப்பு இருக்கும் வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு மறுபடி பேச்சு. பிள்ளைகளுக்கு இதனால் நஷ்டமில்லை. கணக்கு என்பது கேட்பதைவிடப் போட்டுப் பார்த்துப் படிக்கிற பாடம்தானே.

சத்தத்தை அடக்கச் சத்தம் போடுவதை நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்தது. 46 பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது "சைலன்ஸ்!" என்று கத்துகிற அந்த ஒரு சொல்லே நாண்களை அதிகம் காயப்படுத்தும் என்று சிகிச்சையாளர் சொன்னார். கைதட்டும் முறைக்கு மாறினேன். நான் மூன்று தட்டினால் பிள்ளைகள் இரண்டு தட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

அறையைக் கவனித்தபோது தெரிந்தது, நான் பிள்ளைகளோடு மட்டும் போட்டி போடவில்லை. என் தலைக்கு மேலே இருந்த ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே நம் குரல் உயரும், அது மனித இயல்பு. ஃபேனுக்கு பேரிங் மாற்றியதும், மறுநாளே நான் குரலைத் தாழ்த்திப் பேசுவதை நானே உணர்ந்தேன். ரோட்டுப் பக்க ஜன்னலைப் பாடம் நடத்தும் நேரத்தில் மட்டும் சாத்துகிறோம். தகரக்கூரை வகுப்பில் மழை பெய்தால் நடத்துவதே இல்லை, எழுத்து வேலைதான். அந்தச் சத்தத்தை எந்தக் குரலும் ஜெயிக்காது. சாக்பீஸ் தூசிக்காகப் போர்டை ஈரத்துணியால் துடைக்கிறோம். போர்டைப் பார்த்தபடி பேசுவதையும் விட்டேன். சுவரைப் பார்த்துப் பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது, கேட்கவைக்கக் கத்துவோம். எழுதும்போது எழுத்து, திரும்பிய பிறகு பேச்சு.

இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கினேன், காதில் மாட்டும் மைக்கோடு. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. முதல் வாரம் அதைப் போட்டுக்கொண்டும் கத்திக்கொண்டுதான் இருந்தேன், பழக்கதோஷம். சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரிடம் பேசுகிற அளவுக்கு முதலில் குரலை இறக்கிக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் வரை கருவியின் சத்தத்தை ஏற்ற வேண்டும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்தால் கீச்சென்று கத்தும், அதனால் ஸ்பீக்கரை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவைப்பேன். எதிரொலி அதிகமுள்ள எங்கள் பெரிய ஹாலில் அது அவ்வளவாக உதவுவதில்லை, சத்தம் கூடுகிறதே தவிர சொல் தெளிவாக இருப்பதில்லை. அங்கே பிள்ளைகளை முன்னால் நெருக்கி உட்காரவைப்பதுதான் வழி.

பயிற்சி என்று அவர் கொடுத்தது ஜூஸ் ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். உதட்டால் காற்று கசியாமல் பிடித்துக்கொண்டு "ஊ" என்று குரலோடு ஊத வேண்டும், தண்ணீர் குமிழ் விடும். கீழ்ச் சுருதியிலிருந்து மேலே போய் மெதுவாக இறங்கி வர வேண்டும். இரண்டு, மூன்று நிமிடம் போதும், ஆனால் நாளில் நாலைந்து முறை செய்ய வேண்டும். ஸ்ட்ராவில் தடைபடும் காற்று திரும்பி நாண்களின் மேல் ஒரு மெத்தை போல நிற்கும், நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் அதிரும் என்று காரணம் சொன்னார். கழுத்திலோ தாடையிலோ இறுக்கம் வந்தால் செய்வது தப்பு. உதட்டில் அதிர்வு தெரிந்தால் சரி.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் தங்கை போனில் பேசினாள். சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வாடிக்கையாளர் சேவை.

"அக்கா, உனக்காச்சும் கத்துற வேலை. நான் ஏசி ரூம்ல உட்கார்ந்து மெதுவாத்தானே பேசுறேன். எனக்கு ஏன் சாயங்காலம் ஆனா கழுத்து வலிச்சு குரல் அடைக்குது?"

அவளும் மருத்துவரிடம் போய்ப் பார்த்தாள். நாண்களில் தடிப்பு இல்லை. சுற்றியுள்ள தசைகள் இறுகிப்போய்க் குரலை நெரிக்கின்றன என்றார்கள். அவள் வேலையைக் கேட்கக் கேட்க என் பள்ளியின் கதையே வேறு உடையில் வந்தது போல இருந்தது. ஒன்பது மணி நேர ஷிப்ட். ஒரு கால் முடிந்த சில நொடியில் அடுத்த கால் தானாக விழும். எனக்காவது பிள்ளைகள் எழுதும்போது இடைவெளி கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் இரைச்சலில் தோழிகளோடு பேச்சு, வீடு திரும்பும் வண்டியில் ஒரு மணி நேரம் போன். வேலை, ஓய்வு என்று அவள் பிரித்துவைத்திருந்தாள், குரலுக்கு அந்தப் பிரிவே இருக்கவில்லை.

அவள் ஹெட்செட்டில் ஒரு காதுக்கு மட்டும்தான் ஸ்பீக்கர். இன்னொரு காதில் நாற்பது பேர் பேசும் சத்தம் விழுந்துகொண்டே இருக்கும், அதற்கு ஈடாக அவள் குரல் தானே ஏறும். இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் கேட்டு வாங்கினாள். அதில் வேறு சிக்கல் வந்தது. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று இன்னும் ஓங்கிப் பேசினாள். தன் குரல் தன் காதிலேயே லேசாகத் திரும்பிக் கேட்கும்படி அதில் ஒரு அமைப்பு உண்டு, அதை ஐடி பிரிவில் கூட்டிவைத்த பிறகுதான் சரியானது. மைக்கை வாயின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வைக்கச் சொன்னார்கள். முன்பு அது தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, வாடிக்கையாளர்கள் "கேட்கலை, கேட்கலை" என்று சொல்ல, அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பொறுப்பாகத் தெரிய வேண்டும் என்று தன் இயல்பான சுருதிக்குக் கீழே குரலை அழுத்திப் பேசுவாள். மூச்சு தீர்ந்த பிறகும் வாக்கியத்தை இழுத்துமுடிப்பாள், கடைசிச் சொற்கள் கரகரவென்று தேயும். "ம்ம்" என்று இயல்பாக ஆமோதிக்கும்போது வருகிற சுருதிதான் உங்கள் சுருதி, அங்கிருந்து பேசுங்கள் என்று அவளுடைய சிகிச்சையாளர் சொன்னார். நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்து நடுவில் மூச்சு எடுக்கவும் பழக்கினார்.

டீம் லீடரிடம் பேசி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எழுத்தில் பதில் சொல்லும் சாட் வேலையை வாங்கிக்கொண்டாள். ஷிப்டின் நடுவே அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு என் மூன்றாம் பீரியட். வாடிக்கையாளர் விவரம் சொல்லும்போது ஒரு வாய் தண்ணீர், வண்டியில் போனுக்குப் பதில் தூக்கம். குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போய்விடும். உடம்பு முழுக்க நீர்ச்சத்து இருந்தால்தான் நாண்களின் மேல் ஈரம் இருக்கும், அதற்கு நேரமாகும். அதனால் தொண்டை காய்ந்த பிறகு ஒரு பாட்டில் குடிப்பதைவிட நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. பள்ளியில் பாத்ரூம் வசதியை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். நானும் இருந்திருக்கிறேன். குரலைப் பற்றிப் பேசும்போது அந்தக் கழிப்பறையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கேமரா வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் புடைப்பு தெரியவில்லை, இன்னொரு பக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. வியாழக்கிழமை என் குரல் கடைசி பீரியட் வரை தாங்குகிறது. தேர்வுக்கு முந்தைய சிறப்பு வகுப்புகளின்போது மட்டும் இரண்டு முறை சரிந்தது, அந்த வாரங்களில் வீட்டில் பேச்சைக் குறைத்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தில் காலம் கடத்தாமல் கேமரா வைத்துப் பார்த்துவிடுங்கள். எல்லாக் கரகரப்பும் பேச்சினால் வருவதில்லை. நெஞ்செரிச்சல், தைராய்டு, அரிதாகப் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். கழுத்தில் கட்டி, விழுங்குவதில் அல்லது மூச்சில் சிரமம், இருமலில் இரத்தம் இருந்தாலும், புகைபிடிப்பவராக இருந்தாலும் நாலு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் நின்றுபோனால் நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நொடியே பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போதும் தினமும் காலையில் பல் தேய்த்த பிறகு ஆராரோவின் அந்த மேல் வரியை மிக மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் பாடிப் பார்க்கிறேன். உடனே ஒலித்தால் அன்றைக்கு வழக்கம்போல் வகுப்பு. ஆரம்பிக்கும்போது ஒரு நொடி காற்று மட்டும் வந்து பிறகு ஒலி வந்தால், முந்தைய நாள் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு வடிவியல் எடுப்பேன். அளவுகோலும் காம்பஸும் பிள்ளைகள் கையில் இருக்கும், எனக்குப் பேச்சு குறைவு.